‘ஸ்டாக்கைப் பொறுத்து மாறலாம்’னு போட்டா போதுமா?

கேள்வி: அக்கா, நான் திருச்சியில வீட்லயே பலகாரம் பண்ணி விக்கிறேன், தீபாவளிக்கு கிஃப்ட் ஹாம்பரும் போடுறேன். போன வருஷம் கடைசி நேரத்துல பாதாமும் கோவில்பட்டி கடலைமிட்டாயும் கிடைக்கல. பாதாமுக்கு பதிலா திராட்சை வெச்சேன், கடலைமிட்டாய் இங்கயே லோக்கல்ல வாங்கி வெச்சேன். ‘ஸ்டாக் இருப்பைப் பொறுத்து பொருட்கள் மாறலாம்’னு போஸ்டர்ல போட்டுத்தான் இருந்தேன். ஆனாலும் 40 பாக்ஸ் எடுத்த ஒரு ஆபீஸ்காரர் ஏமாத்திட்டீங்கன்னு சொல்லிட்டார். இந்த வருஷம் எப்படி எழுதணும்? நீளமா எழுதினா யாரும் படிக்க மாட்டாங்கன்னு வேற சொல்றாங்க.

பதில்:

போதாதுங்க. அந்த வரி உங்களுக்குத்தான் நிம்மதி, வாங்குறவருக்கு அதுல ஒரு தகவலும் இல்ல. எது மாறும், எதுவா மாறும், எவ்வளவு வரும், விலை குறைஞ்சா மிச்சக் காசு யாருக்கு, இது ஒண்ணுமே அதுல கிடையாது. நான் சின்ன பலகாரக் கடைங்களுக்கு கேட்டலாக் எழுதித் தர்றதையே தொழிலா வெச்சிருக்கேன், என்கிட்ட வர்ற ஹாம்பர் விவரத்துல பாதிக்கு மேல இந்த ஒரு வரியோட நின்னுடும், இல்லன்னா ‘அதே மதிப்புள்ள வேறு பொருள்’னு இன்னொரு வரி இருக்கும். அதுவும் பிரயோஜனம் இல்ல. 140 ரூபா பாதாமுக்கு பதிலா 140 ரூபாய்க்கு திராட்சை வெச்சா கணக்கு டேலி ஆகும், ஆனா அவர் மதிப்பை வாங்கலயே, பாதாமைத்தானே வாங்கினார்.

மாத்து விவரத்தை மொத்தமா கீழ ஒரு வரியில எழுதாதீங்க, ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்துலயே எழுதுங்க. அப்படி எழுத உட்கார்ந்தாலே எதுக்கு மாத்து இருக்கு, எதுக்கு இல்லன்னு உங்களுக்கே தெளிவாயிடும், அதுவும் ஆர்டர் எடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

ஆனா அதுக்கு முன்னாடி அளவு சரியா இருக்கணும், ஏன்னா அளவே சரியா எழுதாம மாத்து எழுதி பிரயோஜனம் இல்ல. ‘மைசூர்பாகு ஒரு பாக்ஸ், முறுக்கு ஒரு பாக்கெட்’ இது அளவே இல்ல. ‘மைசூர்பாகு 12 பீஸ்’ங்கறதும் பாதி அளவுதான், கையால வெட்டுற துண்டு ஒண்ணு 18 கிராம் இருக்கும், இன்னொண்ணு 24 இருக்கும். எடையை முதல்ல போடுங்க, எண்ணிக்கையை சுமார்னு பக்கத்துல போடுங்க: ‘நெய் மைசூர்பாகு 250 கிராம், சுமார் 12 துண்டு’. அந்த 250ங்கறது அட்டைப்பெட்டி, பட்டர் பேப்பர் எல்லாம் கழிச்ச எடையா இருக்கணும். தராசுல காலி டப்பாவை வெச்சு ஜீரோ பண்ணிட்டு அப்புறம் பலகாரத்தை வைங்க. முறுக்குக்கு மட்டும் எண்ணிக்கையே வேண்டாம், பார்சல்ல நாலு உடையத்தான் செய்யும், 200 கிராம்னு எடையை மட்டும் சொல்லிட்டு ‘வழியில கொஞ்சம் உடையலாம், எடை குறையாது’ன்னு எழுதிட்டா அது நேர்மையாவும் இருக்கும், சண்டையும் வராது.

இன்னொண்ணு, ‘12 வகை பொருட்கள்’னு பெருசா போடுற பழக்கம். உள்ள எண்ணிப் பார்த்தா குங்குமப் பொட்டலம் ஒண்ணு, வாழ்த்து அட்டை ஒண்ணு, திரி ஒண்ணுன்னு எல்லாத்தையும் சேர்த்துத்தான் 12 வரும். எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. சாப்பிடுற பொருள் எத்தனை, மொத்தம் எத்தனை கிராம், சாப்பிடாதது எத்தனைன்னு பிரிச்சு சொல்லுங்க. போட்டோவுக்கும் இதே கதைதான். கூடையில மல்லிப்பூ, பித்தளை விளக்கு, பட்டுத்துணி எல்லாம் அழகுக்கு வெச்சு எடுத்துட்டு கீழ சின்ன எழுத்துல ‘படம் மாதிரிக்கு மட்டும்’னு போடுறாங்க. 2020ல வந்த இணைய வர்த்தக நுகர்வோர் விதிகள்லயே படமும் வர்ணனையும் உண்மையான பொருளோட ஒத்துப் போகணும்னு இருக்கு, சொன்ன தன்மையில இல்லாத பொருளைத் திருப்பித் தந்தா விக்கிறவர் மறுக்கக் கூடாதுன்னும் இருக்கு. பூவையும் விளக்கையும் எடுத்துட்டு ஒரு போட்டோ எடுத்துடுங்க, அவ்வளவுதான் வேலை.

இப்ப உங்க ஹாம்பருக்கே வருவோம். நீங்க பொருள் பட்டியல் அனுப்பல, அதனால நானே ஒண்ணு வெச்சுக்கறேன்: மைசூர்பாகு 250, மணப்பாறை முறுக்கு 200, கோவில்பட்டி கடலைமிட்டாய் 200, முழு முந்திரி 100, பாதாம் 100, தீபாவளி லேகியம் 100, எல்லாம் கிராம்ல, சாப்பிடுறது மொத்தம் 950 கிராம், அது போக அகல் விளக்கு 4, மூங்கில் கூடை 1. விலை 1,499னு வெச்சுப்போம்.

முதல்ல கடலைமிட்டாய், ஏன்னா உங்க ஆபீஸ்காரருக்குக் கோவம் இதுலதான் அதிகமா வந்திருக்கும்னு நினைக்கிறேன். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. மணப்பாறை முறுக்குக்கு 2023ல கிடைச்சது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019லயே கிடைச்சிடுச்சு. அதனால அங்க ஊர் பேருங்கறது ருசிக்கு சொல்ற அடைமொழி இல்ல, பொருளோட பேர்லயே அது ஒரு பகுதி. வேற ஊர்ல செஞ்சதை உள்ள வெச்சுட்டு அட்டையில கோவில்பட்டின்னு இருந்தா மாத்து வெச்சோம்னு சொல்ல முடியாது, பேர் தப்புன்னுதான் சொல்லணும், சட்டப்படியும் அது வம்பு. அதுக்காக லோக்கல் கடலைமிட்டாய் வெக்கவே கூடாதுன்னு இல்ல. ‘கோவில்பட்டி கடலைமிட்டாய் 200 கிராம். தீர்ந்துபோனா திருச்சியில செஞ்ச வெல்லக் கடலைமிட்டாய் 250 கிராம் வரும், அதுல கோவில்பட்டி பேர் இருக்காது’ இப்படி முன்னாடியே எழுதிட்டீங்கன்னா யாருக்கும் மனஸ்தாபம் இல்ல. ஊர் பேர் போனதுக்கு 50 கிராம் கூடுதல், அது ஒரு மரியாதைதான், கட்டாயம் இல்ல.

முறுக்கு கொஞ்சம் வேற மாதிரி. மணப்பாறை உங்களுக்கு பக்கத்துலதான், சரக்கு கிடைக்கறதுல கஷ்டம் இருக்காது, ஆனா தீபாவளி வாரத்துல எல்லாரும் அங்கதான் நிப்பாங்க. மாத்தா நீங்களே வீட்ல புழியுற தேன்குழல் 200 கிராம்னு எழுதலாம். பூண்டு போட்ட ரிப்பன் பக்கோடாவை மட்டும் இதுக்கு மாத்தா வெச்சுடாதீங்க. நிறைய வீட்ல நல்ல நாள்ல பூண்டு, வெங்காயம் சேர்க்க மாட்டாங்க, சில வீட்ல எப்பவுமே சேர்க்க மாட்டாங்க, ஹாம்பர் எந்த வீட்டுக்குப் போகும்னு உங்களுக்குத் தெரியாது, காசு கொடுத்தவருக்கே சில சமயம் தெரியாது. ‘எந்த மாத்துப் பொருள்லயும் பூண்டு, வெங்காயம் இருக்காது’ன்னு ஒரு வரி போட்டுட்டா அந்தக் கவலை முடிஞ்சுது.

முந்திரியில ஒரு நுணுக்கம் இருக்கு. 240 நம்பர், 320 நம்பர்னு கேட்டு வாங்குவீங்கல்ல, அந்த நம்பர் ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப்பருப்பு நிக்கும்ங்கற கணக்கு. 240ங்கறது 220லேர்ந்து 240 வரைக்கும், 320ங்கறது 300லேர்ந்து 320 வரைக்கும். ஒரு பவுண்டு சுமார் 454 கிராம், அப்ப 100 கிராம்ல 240 நம்பர் போட்டா கிட்டத்தட்ட 50 பருப்பு வரும், 320 போட்டா 66லேர்ந்து 70 வரும். எடை ஒண்ணுதான், பருப்பு சின்னது, விலையும் குறைவு. நீங்க வெறும் ‘முழு முந்திரி 100 கிராம்’னு எழுதியிருந்தா ரெண்டுமே சரி, போன வருஷம் வாங்கினவர் இந்த வருஷம் டப்பாவைப் பார்த்துட்டு என்னங்க இத்துனூண்டா இருக்குன்னு கேப்பார், உங்ககிட்ட பதில் இருக்காது. ‘முழு முந்திரி, 240 நம்பர், 100 கிராம். தீர்ந்தா 320 நம்பர் முழு முந்திரி 110 கிராம். உடைச்ச முந்திரி வராது’ன்னு எழுதிட்டா கேள்வியே வராது. அந்தக் கடைசி மூணு வார்த்தை முக்கியம், உடைச்சதும் பாதிப்பருப்பும் முந்திரிதானேன்னு யாராவது நினைக்கலாம், உங்களுக்கு பேக் பண்ற பொண்ணே அவசரத்துல நினைக்கலாம்.

பாதாமுக்கு திராட்சை வெச்சது ஏன் தப்பாப் போச்சுன்னா, திராட்சை மட்டம்ங்கறதால இல்ல. திராட்சைய எல்லாரும் ரொம்ப மலிவான ஐட்டமாத்தான் பார்ப்பாங்க, பெட்டியைத் திறந்ததும் இதை இடம் அடைக்கத்தான் வெச்சிருக்காங்கன்னு தோணும். பாதாமுக்கு பதிலா இன்னொரு பருப்புதான் வரணும். அதுக்குன்னு பிஸ்தா போடலாம்னு நினைச்சா அங்க ஒரு குழி இருக்கு, ஓட்டோட விக்கிற பிஸ்தா 100 கிராம் வெச்சா எடையில ஏறக்குறைய பாதி ஓடுதான், உடைச்சு எடுத்தா 50 கிராம் சுத்திதான் பருப்பு நிக்கும். 100க்கு 100ன்னு அட்டையில சமமாத் தெரியும், வாயில பாதிதான் போகும். ‘தீர்ந்தா, ஓட்டோட உப்பு பிஸ்தா 150 கிராம்’னு எழுதுங்க, ‘ஓட்டோட’ங்கற வார்த்தையை விட்டுடாதீங்க. அந்த விலை கட்டலன்னா முந்திரியையே இன்னொரு 100 கிராம் சேர்த்துக் கொடுத்துடலாம், அதுவும் நேரான மாத்துதான்.

பருப்பு வகையில இன்னொரு காரணத்துக்காகவும் கறாரா இருக்கச் சொல்றேன். நிலக்கடலை சேராதவங்க இருக்காங்க, பாதாம் முந்திரி சேராதவங்க இருக்காங்க, அலர்ஜின்னா சும்மா அரிப்போட போற விஷயம் இல்ல. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட லேபிள் விதியில நிலக்கடலை தனியா, மரத்துல விளையுற கொட்டைங்க தனியா, பால், கோதுமை, சோயா எல்லாம் கட்டாயம் குறிப்பிட வேண்டிய பட்டியல்ல இருக்கு. பாதாமுக்கு பதிலா மசாலா கடலை வெச்சீங்கன்னா பார்க்க சின்ன மாத்தம், ஆனா அந்தப் பட்டியல்ல ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குத் தாவிட்டீங்க. அதனால ஒரு விதி வெச்சுக்கோங்க: ஹாம்பர்ல ஏற்கெனவே இல்லாத அலர்ஜிப் பொருள் எதுவும் மாத்தா உள்ள வரக் கூடாது. நான் சொன்ன பட்டியல்ல நிலக்கடலை, நெய், மரக்கொட்டை மூணும் ஏற்கெனவே இருக்கு, கோதுமையும் மைதாவும் இல்ல, அப்ப முறுக்குக்கு மாத்தா மைதா பிஸ்கட்டோ டைமண்ட் கட்டோ வரவே கூடாது. பிஸ்தாவும் மரக்கொட்டைதான், ஆனா ஒரு கொட்டை ஒத்துக்கறவங்களுக்கு இன்னொண்ணு ஒத்துக்காம போகலாம், அதனால அதை வெச்சா பேரைச் சொல்லித்தான் வெக்கணும்.

மைசூர்பாகு நீங்களே கிண்டுறது, அது தீர்ந்துபோச்சுன்னு சொல்ற நிலைமையே வரக் கூடாது, வந்தா மாலாடு 250 கிராம் போட்டுடலாம், ரெண்டுமே நெய் பலகாரம். ஆனா நெய்ன்னு எழுதினதுல டால்டா கலக்குறது மாத்து கணக்குலயே வராது, அது வேற பேச்சு. பால்கோவா நல்ல ஐட்டம்தான், இருந்தாலும் வெளியூர் கூரியர்ல போற பெட்டிக்குள்ள மாத்தா வெக்காதீங்க, அது சீக்கிரம் கெடும், மத்ததெல்லாம் ரெண்டு வாரம் நிக்கிற பெட்டியில அது ஒண்ணு மட்டும் முந்திக்கும்.

லேகியத்துக்கு மாத்தே கிடையாதுன்னு எழுதிடுங்க. அது தீபாவளி காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு சாப்பிடுறது, அதுக்கு பதிலா ஒரு பாட்டில் தேன் வெச்சா யார் ஒத்துப்பாங்க. ‘லேகியம் தீர்ந்தா அதோட விலை 150 ரூபா திருப்பித் தரப்படும்’, அவ்வளவுதான். அதோட, லேகியத்து மேல ‘அஜீரணத்தை குணமாக்கும்’னு எல்லாம் எழுதிடாதீங்க, சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய்ன்னு என்ன போட்டீங்களோ அதை எழுதுங்க, நோயைத் தீர்க்கும்னு உணவுப் பொருள் மேல போடக் கூடாது.

அகலும் கூடையும் பத்தி ஒரே மூச்சுல சொல்லிடலாம்: அகல் 4ங்கற எண்ணிக்கை மாறாது, நிறமும் டிசைனும் மாறலாம், கூடை கிடைக்கலன்னா அதே அளவு துணிப்பை வரும், 100 ரூபா குறையும். இதுல தாராளமா இருங்க, யாரும் கேக்க மாட்டாங்க.

விலை திருப்பித் தரணும்னா ஒவ்வொரு பொருளோட விலையும் முன்னாடியே பட்டியல்ல இருக்கணும்ங்கறது இப்ப புரிஞ்சிருக்கும். 1,499ஐ பிரிச்சுப் போடுங்க: மைசூர்பாகு 320, முறுக்கு 110, கடலைமிட்டாய் 90, முந்திரி 190, பாதாம் 140, லேகியம் 150, அகல் 60, கூடை 250, பேக்கிங்கும் அனுப்புற செலவும் 189. கூட்டிப் பாருங்க, 1,499 வரும். நான் போட்டது சும்மா கணக்குக்கு, உங்க விலைய நீங்க வெச்சுக்கோங்க. இப்படிப் பிரிச்சா லாபம் வெளிய தெரிஞ்சிடுமேன்னு சில பேர் பயப்படுவாங்க, விக்கிற விலையைத்தான் பிரிக்கிறோம், கொள்முதல் விலையை இல்ல.

நீளம் பத்தி கேட்டீங்க. பதவிசா ரெண்டு பாராவா எழுதினா யாரும் படிக்க மாட்டாங்கங்கறது உண்மை. ஆனா ஒரு வரிக்கு ஒரு பொருள்னு இருந்தா படிப்பாங்க, ஏன்னா காசு கொடுக்குறவங்க முதல்ல தேடுறதே உள்ள என்ன இருக்குன்னுதான். வாட்ஸ்ஆப்புல இப்படிப் போடுங்க:

தீபாவளி ஹாம்பர் – ரூ.1,499
சாப்பிடுறது 6 வகை, மொத்தம் 950 கிராம். அகல் 4, கூடை 1.

நெய் மைசூர்பாகு 250 கிராம் (சுமார் 12 துண்டு). தீர்ந்தா: மாலாடு 250 கிராம்
மணப்பாறை முறுக்கு 200 கிராம். தீர்ந்தா: வீட்டுத் தேன்குழல் 200 கிராம்
கோவில்பட்டி கடலைமிட்டாய் 200 கிராம். தீர்ந்தா: திருச்சி கடலைமிட்டாய் 250 கிராம்
முழு முந்திரி 240 நம்பர் 100 கிராம். தீர்ந்தா: 320 நம்பர் முழு முந்திரி 110 கிராம். உடைச்ச முந்திரி வராது
பாதாம் 100 கிராம். தீர்ந்தா: ஓட்டோட உப்பு பிஸ்தா 150 கிராம்
தீபாவளி லேகியம் 100 கிராம். தீர்ந்தா: மாத்து இல்ல, ரூ.150 திருப்பித் தரப்படும்

நிலக்கடலை, முந்திரி, பாதாம், நெய் இருக்கு. பூண்டு, வெங்காயம், கோதுமை, மைதா இல்ல, மாத்திலயும் வராது.
ஒரு பெட்டியில ரெண்டு பொருளுக்கு மேல மாறாது. மாறினா அனுப்புறதுக்கு முன்னாடி உங்களுக்கு மெசேஜ் வரும்.

அந்த ‘ரெண்டுக்கு மேல மாறாது’ முக்கியமான வரி. ஒவ்வொரு மாத்தும் தனித்தனியா நியாயமா இருந்தாலும் அஞ்சு பொருள் மாறிட்டா அது வேற ஹாம்பர், அப்ப ஆர்டரையே ரத்து பண்ண வாய்ப்பு கொடுக்கணும்.

ஆர்டர் எடுக்கும்போதே ஒரு கேள்வி கேட்டுடுங்க: பொருள் தீர்ந்தா பட்டியல்ல இருக்குற மாத்தை வெக்கலாமா, அந்தப் பொருளை விட்டுட்டு காசு தரணுமா, இல்ல எனக்கு ஃபோன் பண்ணித்தான் மாத்தணுமா? கூகுள் ஃபார்ம் வெச்சு எடுத்தீங்கன்னா மூணுல எதையும் முன்கூட்டியே டிக் பண்ணி வெக்காதீங்க, முன்னாடி சொன்ன 2020 விதிகள்லயே பொருள் வாங்குறவர்தான் தன் கையால சம்மதத்தைக் கொடுக்கணும், தானா டிக் ஆகியிருக்கக் கூடாதுன்னு இருக்கு.

அப்புறம் அட்டை. இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. காசு கொடுக்குறவர் வேற, பெட்டியைத் திறக்குறவர் வேற, திறக்குறவர் உங்க வாட்ஸ்ஆப் மெசேஜைப் பார்த்திருக்கவே மாட்டார், உள்ள இருக்குற அட்டையைத்தான் பார்ப்பார். 100 அட்டை மொத்தமா அடிச்சு வெச்சுட்டு உள்ள பொருளை மட்டும் மாத்தினா அட்டையே உங்களுக்கு எதிர் சாட்சி. பொருள் பேர்களை மட்டும் கடைசியா பிரிண்ட் எடுங்க, இல்லன்னா மாறின வரியில வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி புதுப் பேர், புது எடை எழுதுங்க, அலர்ஜி வரியையும் அப்பவே திரும்பப் பாருங்க. வேற வேற பொருளை ஒண்ணா கட்டி விக்கிற பெட்டிக்கு எடையளவு சட்டத்துலயே தனி வகை இருக்கு, காம்பினேஷன் பேக்கேஜ்னு சொல்வாங்க, அதனால வெளிப்பெட்டி லேபிள்ல போட வேண்டியது வேற இருக்கு, அதை உங்க லேபிள் அடிக்கிறவர்கிட்ட உட்கார்ந்து ஒருதடவை சரிபார்த்துடுங்க.

இப்ப அந்த ஆபீஸ்காரர். 40 பெட்டி ஒரே இடத்துக்குப் போகுதுன்னா மாத்து விஷயமே மாறிடும். ஒருத்தர் பெட்டியில பாதாம், பக்கத்து சீட்டுக்காரர் பெட்டியில பிஸ்தான்னா ரெண்டும் சரியான விலையா இருந்தாலும் அந்த ஆபீஸ்ல அன்னிக்கு அதுதான் பேச்சு. மொத்த ஆர்டர்ல மாத்தினா 40லயும் மாத்துங்க, இல்லன்னா ஒண்ணுலயும் மாத்தாதீங்க, இதை அவருக்கு எழுத்துல கொடுங்க. பாதாம் 25 பெட்டிக்குத்தான் இருக்குன்னா அந்த 25ஐ சில்லறை ஆர்டருக்கு ஒதுக்கிட்டு 40க்கும் பிஸ்தா. அதுக்கு முன்னாடி, ஆர்டரை எங்க நிறுத்தறதுன்னு முடிவு பண்ணுங்க, எந்தப் பொருள் உங்ககிட்ட ரொம்பக் குறைச்சலா கைக்கு வந்திருக்கோ அந்த எண்ணிக்கைதான் உங்க ஹாம்பர் எண்ணிக்கை. கடலைமிட்டாய் 110 பாக்கெட் வந்திருக்கு, மத்ததெல்லாம் 150க்கு இருக்குன்னா 105ல ஆர்டரை மூடுங்க, அஞ்சு பாக்கெட் உடைஞ்சதுக்கும் திரும்பி வந்ததுக்கும். 105க்கு மேல கேக்குறவங்களுக்கு திருச்சி கடலைமிட்டாய் போட்ட தனிப் பட்டியல் அனுப்புங்க, அது மாத்து இல்ல, அவங்களுக்கு அதுதான் ஹாம்பர்.

அவருக்கு இந்த வருஷப் பட்டியலை இப்பவே அனுப்புங்க, போன வருஷம் பாதாமையும் கடலைமிட்டாயையும் மாத்தினதுல விலையில எவ்வளவு வித்தியாசம் வந்துச்சோ அதை 40ஆல பெருக்கி, புது ஆர்டர் கொடுத்தாலும் கொடுக்கலன்னாலும் திருப்பித் தர்றேன்னு அதே மெசேஜ்ல தொகையோட எழுதிடுங்க.